பொன்னுக்கு வீங்கி வந்து ஆறாவது நாள்

2023இல் என் அக்கா மகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. வகுப்பில் ஏற்கெனவே நாலைந்து பையன்கள் கன்னம் வீங்கி லீவு போட்டிருந்ததால் அக்காவுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது தாடைக்குக் கீழே வீங்கியது, செவ்வாய்க்கிழமை இடது பக்கமும் சேர்ந்துகொண்டது. அம்மா தன் பழைய தங்கச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டார், எங்கள் பக்கத்தில் இதற்குச் செய்கிற முதல் வைத்தியம் அதுதான். கஞ்சி, இளநீர், காய்ச்சல் மாத்திரை. வியாழக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது, வீக்கமும் வடிய ஆரம்பித்தது. சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மறுபடி காய்ச்சல். குளிரில் உடம்பு தூக்கிப் போட்டதாம், இரண்டு தடவை வாந்தி. "அடிவயிறு வலிக்குது" என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டான். அன்று மாலை ஆசைப்பட்டுக் கேட்டானே என்று அக்கா ஒரு முட்டை தோசை போட்டுக் கொடுத்திருக்கிறாள், அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டாள். காலையில் எனக்குப் போன். "தம்பி, இவன் என்னமோ மறைக்கிறான். பாத்ரூமுக்குப் போறப்ப காலை அகட்டி அகட்டி நடக்கிறான். கேட்டா எரிஞ்சு விழுறான்."

காலை அகட்டி நடக்கிறான் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. 1996இல், எனக்குப் பதினாறு வயதில், நானும் அப்படித்தான் நடந்தேன்.

அரை மணி நேரத்தில் போய்விட்டேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, "மாப்ள, கீழ வீங்கியிருக்கா?" என்று நேராகவே கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். கண்ணில் தண்ணீர் நின்றது, வலியாலா வெட்கத்தாலா என்று தெரியவில்லை. இடது பக்க விரை வலது பக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மேலே தோல் சிவந்து மினுமினு என்றிருந்தது, போர்வை பட்டாலே துடித்தான்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். எனக்கு வந்த அதே வியாதி, எனக்குத் தெரிந்த வியாதி, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளையாகச் சொல்லவில்லை, வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே யூராலஜி டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி பொன்னுக்கு வீங்கி பற்றியே இல்லை. "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"காலையில" என்றான். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். டாக்டர் விஷயம் தெரிந்தவர் போல, ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார். அப்போதுதான் உண்மை வந்தது, ராத்திரி பதினொன்றுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. பத்து மணி நேரம் போயிருந்தது.

அந்தப் பத்து மணி நேரத்துக்கு டாக்டர் ஏன் அவ்வளவு முகம் சுருக்கினார் என்பது பின்னால் அவரே விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வயதுப் பையனுக்கு ஒரு பக்க விரை திடீரென்று வலித்து வீங்கினால் முதலில் பயப்பட வேண்டியது விரை முறுக்கிக்கொள்வதற்கு. விரை உள்ளே ஒரு நாண் போன்ற குழாய்க் கொத்தில்தான் தொங்குகிறது, ரத்தக் குழாயும் அதற்குள்தான் போகிறது. அந்த நாண் முறுக்கிக்கொண்டால் ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். இது அதிகமாக வருவதும் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள். அதிலும் வாந்தி வரும், அதிலும் பையன் அடிவயிறு என்றுதான் சொல்வான். பொன்னுக்கு வீங்கி வந்த பையனுக்கு முறுக்கல் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

வித்தியாசம் உண்டு, ஆனால் வீட்டில் வைத்து முடிவு கட்டுகிற அளவுக்கு இல்லை. முறுக்கல் பொதுவாக நிமிடக் கணக்கில் உச்சத்துக்குப் போய்விடும், தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுப்பும், ஆரம்பத்தில் காய்ச்சல் இருக்காது, விரை மேலே ஏறிக் குறுக்காகக் கிடக்கும். பொன்னுக்கு வீங்கி விரைக்கு இறங்குவது கன்னம் வீங்கி நாலிலிருந்து எட்டு நாளில், குளிர் காய்ச்சலோடு, சில மணி நேரத்தில் ஏறுகிற வலியாக வரும். இவனுக்கு ஆறாவது நாள், கச்சிதமாகப் பொருந்தியது. சில பேருக்குக் கன்னமே வீங்காமல் நேரே அங்கே வீங்குவதும் உண்டாம்.

டாக்டர் அவன் தொடையின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகக் கோடு போல இழுத்தார், அந்தப் பக்க விரை லேசாக மேலே ஏறியது. முறுக்கியிருந்தால் பெரும்பாலும் ஏறாதாம். அப்புறம் டாப்ளர் ஸ்கேன். திரையில் இடது பக்கம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கொதித்துக் கிடந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோகவில்லை, வழக்கத்தை விட அதிகமாக ஓடுகிறது, அப்படியென்றால் அழற்சிதான், முறுக்கல் இல்லை. பரிசோதனையிலேயே முறுக்கல் என்று பலமாகச் சந்தேகம் வந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் நேரே தியேட்டருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றும் சொன்னார்.

1996இல் எனக்கு இதெல்லாம் எதுவும் நடக்கவில்லை. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் படுத்துக் கிடந்தேன், நாலாம் நாள் தெருமுனையில் ஒருவர் ஊசி போட்டார், அவ்வளவுதான். அது முறுக்கலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருமகனின் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்துதான் முதல் தடவையாக யோசித்தேன்.

அப்புறம் வலி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வைரஸுக்கு மருந்து இல்லை, ஓய்வெடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், அந்த ஓய்வை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பது. கன்னம் வீங்கினால் தோல் இழுத்துக் கொடுக்கும். விரைக்கு மேலே வெள்ளையாக, தடித்த தோல் மாதிரி ஓர் உறை இருக்கிறது, அது கொஞ்சமும் இழுபடாது. உள்ளே வீங்க வீங்க இடமில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வலிக்கும் அதுதான் காரணம், பின்னால் விரை சுருங்குவதற்கும் அந்த அழுத்தம் ஒரு காரணம். ஆகவே வீட்டில் செய்கிற எல்லாம் இரண்டு விஷயத்துக்குத்தான், கீழே தொங்கி இழுபடாமல் தூக்கிப் பிடிப்பது, வீக்கத்தைக் கொஞ்சம் தணிப்பது.

தூக்கிப் பிடிப்பதுதான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அக்கா அவனுக்குக் கைலி கட்டிவிட்டிருந்தாள், அதுதான் தப்பு. கைலியில் திரும்பிப் படுத்தால்கூட விரை தொங்கி இழுபட்டு உயிர் போகும். நன்றாகப் பிடிக்கிற, ஆனால் இறுக்காத ஜட்டி போட வைத்தோம், உள்ளே மெல்லிய பருத்தித் துணி மடித்து வைத்தோம். மருந்துக் கடையில் இதற்கென்றே தாங்கு பட்டை விற்கிறார்கள், இரண்டாம் நாள் அதை வாங்கினோம். படுக்கும்போது ஒரு துண்டை உருளையாகச் சுருட்டி இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து, விரைப்பை அதன் மேல் உட்காரும்படி செய்தோம். துண்டு வைத்த பத்தாவது நிமிடம் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது.

ஐஸ் வைப்பதில் இரண்டு சண்டை. அம்மாவுக்குக் கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும். சூடு அந்த இடத்துக்கு ரத்தத்தை இன்னும் இழுக்கும், ஏற்கெனவே ரத்தம் கொதித்துக் கிடக்கிற இடம், வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விளக்கெண்ணெய் தடவுவதும் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகத் தடுத்தேன். அடுத்தது இவனே செய்தது. ஐஸ் வைத்ததும் சுகமாக இருக்கிறது என்று ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்டிக் கவரை நேரடியாகத் தோலின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான், எடுத்தபோது அந்த இடம் மரத்துத் திட்டாக வெளுத்திருந்தது. அங்கே தோல் மிக மெல்லியது. ஐஸை ஈரத் துணியில் சுற்றி, பத்து பதினைந்து நிமிடம் வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். தூங்கும்போது வைக்கவே கூடாது.

மாத்திரை விஷயம். பையன் 52 கிலோ. பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலுக்கு மேல் கூடாது. வலி வந்த பிறகு போடாமல், முதல் மூன்று நாள் நேரம் பார்த்துப் போடச் சொன்னார், அது ரொம்பச் சரியான யோசனை. வலி ஏறிய பிறகு போட்டால் மாத்திரை அதைத் துரத்திப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, அந்த ஒரு மணி நேரம் வீடே அவனோடு சேர்ந்து தவிக்கும். ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அக்கா இடையில் சளி மாத்திரை ஒன்றும் கொடுத்துக்கொண்டிருந்தாள், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பாராசிட்டமால் 500. இப்படித்தான் நமக்குத் தெரியாமலே அளவு ஏறுகிறது, ஏறினால் கல்லீரலைத்தான் பாதிக்கும். சளி மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் மாத்திரை போட்ட நேரத்தை எழுத ஆரம்பித்தோம்.

பாராசிட்டமால் மட்டும் போதவில்லை. அழற்சிக்கு ஐபுபுரோஃபென் நன்றாகக் கேட்கும், ஆனால் டாக்டர் அதை உடனே எழுதவில்லை. அது மழைக்காலம், ஊரில் டெங்கு ஓடிக்கொண்டிருந்தது. டெங்கு இருக்கும்போது ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை கொடுத்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். ரத்த முடிவு சாயங்காலம் வந்தது, டெங்கு இல்லை, தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன. அதன் பிறகுதான் ஐபுபுரோஃபென் 400 மி.கி., சாப்பிட்ட பிறகு, நாளைக்கு மூன்று வேளை, நாலு நாள் மட்டும். வாந்தி இருந்து தண்ணீர் இறங்காத பையனுக்கு இதைக் கொடுக்கக் கூடாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதனால் முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்க வைத்து, சிறுநீர் ஒழுங்காகப் போகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். ஆஸ்பிரின் இந்த வயதில், வைரஸ் காய்ச்சலில், கிட்டேயே வரக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்குகிற ஒரு விளைவு அரிதாக வந்துவிடும்.

ஆன்டிபயாட்டிக் பற்றி. யூராலஜிக்குப் போவதற்கு முன், வழியில் இருந்த ஒரு கிளினிக்கில் ஏறி இறங்கினோம், அங்கே பார்த்த கையோடு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டார்கள். வைரஸுக்கு அது எதுவும் செய்யாது. ஆனால் இது முழுக்க முட்டாள்தனமும் இல்லை, பாக்டீரியாவாலும் அந்த இடம் இப்படி வீங்கும், அதற்கு அது தேவை. அதனால்தான் சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். இவனுக்குச் சிறுநீர் சுத்தமாக இருந்தது, கன்னம் வீங்கிய கதையும் கூடவே இருக்கிறது, அதனால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டீராய்டு கொடுத்தால் சீக்கிரம் வடியும் என்று தூரத்துச் சொந்தம் ஒருவர் போனில் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் கேட்டேன். வலியும் வீக்கமும் கொஞ்சம் முன்னதாகக் குறையலாம், ஆனால் பின்னால் விரை சுருங்குவதை அது தடுப்பதில்லை, ஆண் ஹார்மோனைத் தற்காலிகமாகக் குறைக்கவும் செய்யும், நான் எழுதுவதில்லை என்றார். போன் செய்தவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பொய் சொல்லி முடித்தேன்.

நாள் கணக்கு இப்படிப் போனது. முதல் மூன்று நாள் நரகம், மூன்றாம் நாள் வீக்கம் உச்சம். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாளில் வீக்கம் பாதிக்கு மேல் வடிந்தது. தொட்டால் வலி மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது, சைக்கிள், பள்ளி வேன், விளையாட்டு எல்லாம் அதுவரை கிடையாது. ஒரு வாரம் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று மிருதுவாகி மறுபடி காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார், சீழ் கட்டியிருக்கலாம், மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கழுத்தைக் குனிய முடியாத தலைவலி, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது, மேல் வயிற்றில் முதுகுக்கு ஊடுருவுகிற வலி, இவையும் பொன்னுக்கு வீங்கி வேறு இடத்துக்குப் போனதற்கு அடையாளம். இவனுக்கு ஒரு நாள் தலைவலி வந்தபோது நான் ராத்திரி இரண்டு மணிக்கு அவன் தாடையை நெஞ்சில் முட்ட வைத்துப் பார்த்தேன். முட்டியது, என்னைத் திட்டிவிட்டு மறுபடி தூங்கினான்.

இனி அவன் கேட்ட கேள்வி. ஐந்தாம் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்தது, பக்கத்து அறையிலிருந்துதான். "மாமா, எனக்குக் குழந்தை பிறக்காதா?" அம்மாவும் ஒரு பெரியம்மாவும் சமையல்கட்டில் "பொன்னுக்கு வீங்கி அங்க இறங்கிட்டா அவ்வளவுதான்" என்று பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருக்கிறது.

எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாப்ள, எனக்கும் இடது பக்கம்தான் வந்துச்சு. எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு, நீதான் அதுகளோட தினம் சண்டை போடுற." கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "சின்னதாயிடுச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

சின்னதாகும் என்பதை மறைக்கக் கூடாது என்பது என் எண்ணம். பாதிக்கப்பட்ட விரையில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அடுத்த சில மாதங்களில் ஓரளவு சுருங்குகிறது. மறைத்தால் ஆறு மாதம் கழித்துக் குளிக்கும்போது அவனே கண்டுபிடித்துவிட்டு, நம்மிடம் சொல்லாமல் பல வருடம் தனியாகக் குமைவான். நான் அப்படித்தான் குமைந்தேன், கல்லூரி விடுதியில் யாருக்கும் முன்னால் உடை மாற்ற மாட்டேன்.

ஆனால் சுருங்குவது என்பது வேறு, மலடாவது என்பது வேறு. விரைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. விந்தணு உண்டாக்குகிற மெல்லிய குழாய்கள் ஒரு பக்கம், ஆண் ஹார்மோன் சுரக்கிற செல்கள் இன்னொரு பக்கம். அழுத்தம் அதிகம் கெடுப்பது குழாய்களைத்தான். ஹார்மோன் செல்கள் பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும். ஆகவே குரல் உடைவது, மீசை, உடல் வலு, பிற்காலத்தில் தாம்பத்தியம், இவற்றில் பொதுவாகக் குறை வராது. விந்தணுவிலும், ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் மறு பக்கம் முழு வேலையையும் பார்க்கும். இரண்டு பக்கமும் வருவது பத்தில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரைக்கும்தான், அவர்களுக்குத்தான் எண்ணிக்கை குறைகிற வாய்ப்பு கூடுதல். அவர்களிலும் அறவே இல்லாமல் போவது அரிது. வயதுக்கு வராத சின்னப் பையன்களுக்கு விரைக்கு இறங்குவதே அபூர்வம். பத்து வயதுப் பையனுக்குக் கன்னம் வீங்கினதற்கே வம்சம் போச்சு என்று அழுகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அது வீண் அழுகை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அவனிடம் சொன்னதை விடக் கொஞ்சம் கூடுதலாக. எனக்குக் கல்யாணம் 2009இல். இரண்டு வருடம் குழந்தை இல்லை, எல்லா வீட்டையும் போல என் மனைவியைத்தான் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எனக்குத்தான் உள்ளுக்குள் தெரியுமே, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, அதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. 2011இல் ஒருவழியாக விந்துப் பரிசோதனை கொடுத்தேன். ஒரு மில்லி லிட்டருக்கு 60 லட்சம். அப்போது உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த குறைந்த அளவு 1.5 கோடி. நான் முடிந்துபோனேன் என்று நினைத்தேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். ஆறு வாரத்துக்கு முன் டைபாய்டு வந்திருந்தது. விந்தணு ஒன்று உருவாகி வெளியே வர ஏறத்தாழ இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும், கடுமையான காய்ச்சல் அந்த வரிசையை அப்படியே கெடுத்துவிடும், மூன்று மாதம் போகட்டும், மறுபடி கொடுங்கள் என்றார். நாலு மாதம் கழித்து, மூன்று நாள் இடைவெளி விட்டு, ஆய்வகத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். 1.9 கோடி. ஓஹோ என்று சொல்லும்படி இல்லை, ஆனால் போதும். 2012இல் மகள், 2015இல் மகன், இரண்டுமே மருந்து இல்லாமல். குறைவாக இருந்திருந்தாலும் இன்றைக்கு வழி உண்டு, சில அணுக்கள் கிடைத்தால்கூட ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருத்தரிக்க வைக்கிறார்கள்.

இதனால்தான் அக்கா "இப்பவே டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா" என்று கேட்டபோது நான் வேண்டாம் என்றேன், டாக்டரும் அதையே சொன்னார். காய்ச்சல் முடிந்த கையோடு எடுத்தால் எண்ணிக்கை மோசமாகத்தான் வரும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பையன் என்ன செய்வான்? இப்போதைக்கு விரையின் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். விந்துப் பரிசோதனை பதினெட்டுக்கு மேல், அவனுக்கே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால், அல்லது பிள்ளை பெறுகிற காலத்தில். முடிவு குறைவாக வந்தால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் சில மாதம் விட்டு இன்னொன்று.

அக்காவுக்கு இன்னொரு குடைச்சலும் இருந்தது. "இவனுக்குத்தான் பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட்டாங்களே?" ஆமாம், 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் போட்ட ஊசி, அப்போது இவன் மூன்றாம் வகுப்பு. ஆனால் அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமானது, பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது சேர்க்கப்படவில்லை. மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், குழந்தை மருத்துவர்கள் 9ஆம் மாதம், 15ஆம் மாதம், நாலிலிருந்து ஆறு வயதுக்குள் என்று மூன்று தவணை சொல்கிறார்கள். போட்டவர்களுக்கும் சிலருக்கு வரும், ஆனால் விரைக்கு இறங்குவது வெகுவாகக் குறைகிறது. என் மகனுக்கு விட்டுப்போயிருந்த தவணையை அந்த மாதமே போட்டேன். மருமகனிடமிருந்து ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அந்த ஊசி அந்தத் தடவைக்கு உதவாது என்றார்கள், நல்லவேளை ஒட்டவில்லை. கன்னம் வீங்கி ஐந்து நாள் தனி அறையில் இருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுத்தோம், இடது விரை கொஞ்சம் சிறிது. ஆறாம் மாதம் டாக்டர் ஒரு கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகளை எடுத்தார், சிறிதிலிருந்து பெரிது வரை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஒரு கையில் மணி, மறு கையில் விரை, ஒப்பிட்டுப் பார்த்தார். வலது 15 மில்லி, இடது 12. மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் வித்தியாசம் இல்லை, நின்றுவிட்டது என்றார். மாதம் ஒரு தடவை குளிக்கும்போது அவனே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும், சுருங்கியது சுருங்கியதாக இருக்கட்டும், கல் மாதிரி புதிதாகக் கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் வலிக்காவிட்டாலும் உடனே வர வேண்டும் என்று அவனிடமே சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் "அந்த மணி மாலை செம காமெடி மாமா" என்றான். அக்கா ரிப்போர்ட்டை வாங்கி, பொண்ணு பார்க்கிற காலத்தில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பீரோவில் புடவைக்கு அடியில் வைக்கப் போனாள். அதைக் கேட்டு வாங்கி என் ஃபைலில் வைத்திருக்கிறேன். பதினெட்டு முடிந்ததும் அவன் கையில் கொடுத்துவிடுவேன், யாரிடம் காட்ட வேண்டும் என்பதை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.